எழுத்துத் தெரியும் பதம்

இசக்கியம்மாளின் கைகள் முழங்கை வரை வெள்ளையாக இருந்தன. இரவெல்லாம் ஊறி, விடியலில் ஆட்டுக்கல்லில் அரைபட்ட கோதுமையை ஈரத்துணியில் அள்ளி வைத்து, நான்கு மூலையையும் சேர்த்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். பால் விரலிடுக்கில் வழிந்து அண்டாவில் விழுந்தது. பிழிந்த சக்கையைத் தண்ணீர் தெளித்து மறுபடி அரைக்கக் கொடுப்பாள். இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று, சக்கை வெறும் தவிடாக உதிரும்வரை விடமாட்டாள்.

நான் போனது கோதுமையைப் பார்க்க அல்ல. அவளுடைய இடது கையில் நான் போட்ட கட்டைக் காணோம்.

"கட்டு எங்கே?"

"கொடியில காயுது நர்ஸம்மா. நனைஞ்சா ஏசுவீங்கன்னுதான் கழட்டி வச்சேன்."

"நனையக்கூடாது என்றால் கையை நனைக்கக்கூடாது என்று அர்த்தம்."

"கை நனையாம பால் எடுக்க எந்த ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுக்காக?"

ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, அரைக்க வரும் மீன்காரி கன்னியம்மா சிரித்தாள். "ரெண்டு பேரும் சண்ட போட்டுகினே இருங்க. அதுக்குள்ள நான் இத்த அரைச்சுட்டு மீன் வாங்கினு வந்துடுறேன்."

புண்ணைப் பார்த்தேன். அல்வா கொதிக்கும்போது குமிழி உடைந்து தெறித்த சூடு. நீரைவிட மோசமானது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். பழைய புண்கள் ஆறிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதுப் புண்கள். இந்த ஆறு மாதத்தில் அவளுக்கு நான் மருந்து வைத்த அளவுக்கு முந்தைய பத்து வருடத்தில் வைத்ததில்லை. மருந்தைத் தடவி, மேலே எண்ணெய்த்துணி சுற்றி, "மத்தியானம் வந்து பார்ப்பேன், இது இருக்கவேண்டும்" என்று சொன்னேன்.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கடை. முன்புறம் விற்பனை, நடுவில் சாமான் அறை, பின்னால் ஓடு வேய்ந்த சமையல் கொட்டகை. அதே தெருக்கோடியில் இருந்த பிரசவ விடுதியில் எனக்கு வேலை. கடைக்காரர் ராசையாவின் பிள்ளைகள் மூவரும் என் கையில் பிறந்தவர்கள். அந்த வீட்டுக்குள் என்னை யாரும் தடுப்பதில்லை.

இசக்கியம்மாள் ராசையாவின் அண்ணன் மனைவி. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமான கையோடு பட்டணம் வந்தவள். அண்ணனும் தம்பியும் கடை போட்டார்கள். அல்வா கிண்டும் வேலையை மாமியாரிடம் பழகிவந்த மருமகள் எடுத்துக்கொண்டாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலி செய்தபோது இவர்களும் கடையைப் பூட்டிவிட்டுத் தெற்கே போனார்கள். போன இடத்தில் விஷக்காய்ச்சலில் அவள் புருஷன் இறந்துபோனான். பிள்ளை இல்லை. கொழுந்தன் திரும்பி வந்து கடையைத் திறந்தபோது அவளும் கூடவே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வந்தாலும் அல்வா இல்லை. ரேஷன் காலம். சீனிக்கும் கோதுமைக்கும் கார்டு. கடையில் சேவும் காராபூந்தியும் ஓடின. கட்டுப்பாடு நீங்கி, மூட்டை கணக்கில் கோதுமை வாங்கலாம் என்று ஆன பிறகுதான் உருளியைக் கழுவி மறுபடி அடுப்பில் ஏற்றினாள். இடையில் பல வருடம் போயிருந்தது.

ஏற்றிய நாளிலிருந்து அல்வா சரியாக வரவில்லை. அல்வா என்றால் விரலால் அழுத்தினால் வழுக்க வேண்டும், தூக்கிப் பிடித்தால் கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவ வேண்டும். இது இறுகிப்போய், நெய்யெல்லாம் கக்கிவிட்டு, பல்லில் ஒட்டியது. துறைமுகத்தில் வேலை பார்த்த லூயிஸ் என்ற ஆள், சம்பள நாளில் தவறாமல் வாங்குகிறவர், கடைவாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இன்னா நைனா, அல்வாவோட ஒரு ரம்பமும் குடுப்பியா? போன தபா வாங்கினு போனத்த என் மாமியாக்காரி கடிச்சா. பல்லு அதுலயே நின்னுடுச்சு."

ராசையா முதலில் கோதுமையைக் குறை சொன்னார். கப்பலில் வந்த கோதுமை, நம் சம்பா கோதுமை மாதிரிப் பால் விடாது என்றார். சம்பா கோதுமையே தருவித்தார். அப்படியும் இறுகியது. பிறகு நெய்யை மாற்றினார். பிறகு ராயபுரம் கிணற்றுத் தண்ணீரில் உப்பு என்று குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தார். ஐப்பசி மழையில் கிண்டிய இரண்டு மூன்று தடவை மட்டும் பழைய மாதிரி வந்தது. மழைக்காற்றின் ஈரம் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள். வெயில் திரும்பியதும் அல்வாவும் இறுகியது.

கடைசியில் மிச்சமிருந்தது இசக்கியம்மாளின் கை. அதை அவர் எங்கள் முன்னால் சொல்லவில்லை. ஆனால் அல்வா கிண்ட ஊரிலிருந்து ஓர் ஆளை வரச்சொல்லிவிட்டார். ஆள் வந்து சேர்ந்ததும் மதினி ஊருக்குப் போய்த் தன் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கட்டும் என்றார். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

"அங்கன போனா மாட்டுக்குத் தண்ணி காட்டணும், எங்க அண்ணன் பொண்டாட்டி மொகத்தப் பாக்கணும்" என்றாள் இசக்கியம்மாள், புதுக்கட்டை வெறித்தபடி. "மாடு பரவாயில்ல."

அன்றைக்கு எடுத்த பால் காசிமேட்டுத் தாமோதரன் மகளின் நிச்சயத்துக்கானது. தாமோதரன் சொந்தப் படகுக்காரர், கன்னியம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கடற்கரைக் குப்பத்து நிச்சயத்தில் இந்தக் கடை அல்வா வைப்பது இதுவே முதல் தடவை. கன்னியம்மா வாயால் பேசி வாங்கிக்கொடுத்த ஆர்டர். "இது மட்டும் நல்லபடியா வந்துட்டா அந்த ஆளை வரவேண்டாம்னு சொல்லிருதேன் மதினி" என்று ராசையா காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். கெட்டதை நல்ல வார்த்தையில் சொல்லத் தெரிந்தவர்.

மத்தியானம் நான் திரும்பிப் போனபோது பால் தெளிந்திருந்தது. மேலே மஞ்சளாக நின்ற தண்ணீரை அண்டாவைச் சாய்த்து மெல்ல வடித்துவிட்டு, அடியில் கெட்டியாகப் படிந்திருந்ததை அளந்த தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டாள். உருளியில் சீனிப்பாகு கொதித்தது. தனியாக ஒரு கரண்டிச் சீனியைக் கருகவிடாமல் சிவக்க உருக்கி நிறத்துக்கு ஊற்றினாள். பிறகு கோதுமைப்பாலை நூலாக விட்டுக்கொண்டே துடுப்பைப் போட்டாள். துடுப்பு உள்ளே போனால் இறக்கும்வரை நிற்கக்கூடாது. நின்றால் அடியில் பிடிக்கும், கட்டி தட்டும். முதலில் கூழ். பிறகு பசை. நெய்யை ஒரு கரண்டி விடுவாள். அது முழுக்க உள்ளே போன பிறகுதான் அடுத்த கரண்டி.

கன்னியம்மா சவுக்கு விறகை இழுத்தும் தள்ளியும் தீயைப் பார்த்துக்கொண்டாள். கை ஓய்ந்தபோது துடுப்பையும் மாற்றிக்கொண்டாள்.

"எங்க சனத்துல துடுப்பு ஆம்பளைங்கதான் புடிப்பாங்க. இங்க வந்து நான் கட்டுமரம் தள்றேன்."

"பேசாம தள்ளு. அடி புடிச்சா கரை சேர மாட்ட."

நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கட்டு அனலில் படாமல் பார்க்கத்தான் இருந்தேன். அவள் உருளிக்கு மேல் அவ்வளவு குனிந்து பார்க்க வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை. முகத்துக்கும் குமிழிக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இரண்டு தடவை தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

அந்த அடுப்படியில் ஒரு சட்டம் உண்டு. அவள் மாமியார் வீட்டிலிருந்து வந்தது. பதம் என்ற வார்த்தை துடுப்புக்குச் சொந்தக்காரியின் வாயிலிருந்து மட்டும்தான் வரவேண்டும். மற்றவர்கள் 'ஆயிற்றா' என்று கேட்டாலே அல்வா கோபித்துக்கொள்ளும், கெட்டுப்போகும். கன்னியம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை கேட்டுவிட்டு, சாயங்காலம்வரை வசவு வாங்கினாளாம். அதற்குப் பிறகு அல்வா அடுப்பில் இருக்கும்போது அவள் மீன் விலையைப் பற்றித்தான் பேசுவாள்.

பதம் பார்ப்பதற்கு ஒரு தட்டு உண்டு. சின்னப் பித்தளைத் தட்டு. நடுவில் அவள் புருஷன் பெயர் புள்ளிப்புள்ளியாக வெட்டியிருக்கும். துடுப்பின் நுனியிலிருந்து ஒரு சொட்டு அல்வாவை அந்தப் பெயர்மேல் மெல்லிசாகத் தடவி, பின்வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். எழுத்து மங்கலாக இருந்தால் மாவு இன்னும் வேகவில்லை. எழுத்து ஊடே தெளிவாகத் தெரிந்தால் இறக்கலாம்.

வெயில் பின்வாசலில் நேராக அடித்துக்கொண்டிருந்த நேரம். உருளியில் அல்வா திரண்டு, ஓரத்தை விட்டுச் சுருண்டு, துடுப்போடு ஒரே பந்தாகப் புரண்டது. விளிம்பில் நெய் கசிய ஆரம்பித்திருந்தது. அவள் தட்டை எடுத்துத் தடவி, வாசலில் போய்ச் சாய்த்துப் பார்த்தாள்.

"எழுத்து தெளியல. கிண்டு."

கன்னியம்மா கிண்டினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தீயைப் பார்த்தாள். சிறிது நேரம் கழித்து இசக்கியம்மாள் மறுபடி தடவினாள். இந்தத் தடவை நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தேன் பூசிய மாதிரி இருந்தது தட்டு. 'கு. முத்தையா' என்ற எழுத்தைப் புள்ளி முதற்கொண்டு எண்ணிவிடலாம்.

"மாவாவே நிக்கி. இன்னும் போகட்டும்" என்றாள்.

அந்த வீட்டுச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. தட்டை அவள் கையிலிருந்து வாங்கி, என் முந்தானையால் அல்வாவைச் சுத்தமாகத் துடைத்தேன்.

"ஐயோ, பதத்த ஏன் தொடைக்கிய?"

"இப்போது பார். வெறும் தட்டு. என்ன எழுதியிருக்கிறது?"

வாசல் வெயிலில் தட்டைச் சாய்த்தாள். நிமிர்த்தினாள். கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அவுக பேரு" என்றாள்.

"விரலால் வேண்டாம். கண்ணால்."

அவள் விரலை எடுத்துவிட்டு மறுபடி சாய்த்துப் பார்த்தாள். கன்னியம்மாவின் துடுப்பு மட்டும் உருளியில் தட்டிக்கொண்டிருந்தது.

"இதுலயும் தெளியலயே நர்ஸம்மா" என்றாள் கடைசியில்.

அவளைக் கையைப் பிடித்துச் சாமான் அறையின் இருட்டுக்குள் அழைத்துப்போய், அதே தட்டைக் கொடுத்தேன். "இங்கே?"

"இங்கன கொஞ்சம் தெரியுது. புகையா இருக்கு, ஆனா எழுத்து நிக்கி."

வெயிலில் கண் கூசிப் போவதும், மங்கிய வெளிச்சத்தில் கொஞ்சம் தெளிவதும் எதன் அடையாளம் என்று எனக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசியில் அல்வா நன்றாக வந்ததற்குக் காற்றின் ஈரம் காரணமில்லை, மூடிக்கிடந்த வானம். என் பையில் டார்ச் இருந்தது. இமையை விரித்துப் பக்கவாட்டில் அடித்தேன். வலது கண்ணின் கருமணியில் சாம்பல் நிறம். இடதில் அதைவிடக் குறைவு.

"அது பெறகு பாப்போம்" என்று அவளைத் திரும்ப அடுப்புக்கு இழுத்தேன். எனக்கே அவள் பாஷை வந்துவிட்டது. "கண்ணை விடு. துடுப்பை வாங்கிப் பிடி. உன் கை என்ன சொல்லுகிறது?"

கன்னியம்மாவிடமிருந்து துடுப்பை வாங்கினாள். ஒரு சுற்று சுற்றினாள். இன்னொன்று. ஓரத்திலிருந்து ஒரு துளி எடுத்து, சூட்டை ஊதி, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினாள். ஒட்டாமல் உருண்டது.

"கை முந்தியே எறக்குன்னு சொல்லிட்டு" என்றாள். "தெனமும் சொல்லும். கண்ணுதான் இன்னும் ஆகலன்னும். எங்க அத்த எழுத்துத் தெரிஞ்சாத்தான் எறக்கணும்னு சொல்லிருக்காக, அதான் கை சொன்னத நான் கேக்கல." கன்னியம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஏளா, நீ சொல்லு. எழுத்து தெரிஞ்சுதா?"

கன்னியம்மா வாயைத் திறந்து மூடினாள். "நான் சொல்லலாமா?"

"நான்தான கேக்கேன்."

"அப்பவே தெரிஞ்சுதுக்கா. போன வாரமும் தெரிஞ்சுது. நான் வாயத் தொறந்தா கலீஜ் பண்ணிட்டேன்னு திட்டுவ, அதான் ஒண்ணியும் சொல்லல. உங்க ஊர்ல கெட்டியா துன்னுவாங்கன்னு நெனச்சுகினேன்."

"எங்க ஊர்ல இத கொண்டுபோனா அடிப்பாக" என்றாள் இசக்கியம்மாள். "பதம். எறக்கு."

இரண்டு பக்கமும் சாக்கைப் பிடித்து இறக்கினார்கள். நெய் தடவிய தாம்பாளங்களில் ஊற்றியபோது அல்வா நாடாவாக மடிந்து மடிந்து விழுந்தது. கரண்டியின் முதுகால் சமப்படுத்தினாள். நான் கட்டைப் பார்த்தேன்; நெய்க்கறை தவிர வேறு சேதம் இல்லை.

பிறகு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமா, களைப்பா என்று முதலில் நாடி பார்த்தேன். நாடி சரியாக இருந்தது.

"அப்ப குருடா?" என்றாள்.

"இல்லை. கண்புரை. பழுத்த பிறகு எடுத்துவிடுவார்கள். எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரியில் அதற்கென்றே வார்டு இருக்கிறது. எடுத்த பிறகு சோடாபுட்டி மாதிரிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அழகாக இருக்காது."

"யாரு பாக்கப்போறா." கொஞ்ச நேரம் விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். "அப்ப கை போகல."

"கைக்கு ஒன்றுமில்லை. சூட்டுப்புண்ணைத் தவிர."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதது கண்ணுக்கு நல்லதுதான் என்று நான் குறுக்கிடவில்லை. கன்னியம்மா அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, உருளியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

"யக்கா. இத்த எங்க அண்ணனுக்குக் குடுக்கணுமா? நம்மளே வச்சுக்கலாம்."

ராசையா சாயங்காலம் கடையிலிருந்து பின்னால் வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆறிக்கொண்டிருந்த தாம்பாளத்தின் மேல் விரலை வைத்தார். விரல் வழுக்கியது. ஒரு துண்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். விளக்கின் சுடர் அதன் ஊடே தெரிந்தது. வாயில் போட்டார்.

"மதினி," என்றார், "எந்தக் கோதும?"

"அதே கோதும."

நான் நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், ஆனாலும் அவர் முகம் மாறியது. கோதுமை, நெய், தண்ணீர், காற்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவர், எதிரில் உட்கார்ந்து கிண்டியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த ஆளுக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிருதேன்" என்றார்.

"சொல்லுங்க" என்றாள் அவள். "ஆனா நான் ஆஸ்பத்திரியில கெடக்கையில யாரு கிண்டுவா?"

"அதையும் அந்த ஆள்..."

"அவன் வந்தா அப்பறம் போவானா? கன்னியம்மா கிண்டுவா. துடுப்பு புடிச்ச கைதான, சுருக்க படிஞ்சிரும்."

"நானா?" என்றாள் கன்னியம்மா. "எனுக்கு மீன் யாவாரம் கீது. உன் அல்வாவுக்கு என்ன அடிமையா வச்சுகினியா?"

"காலையில மீன் வித்துக்க. மத்தியானம் வா."

"கண்ணாடி போட்டுகினு வந்த பொறவு என்ன வேலைய வுட்டு தொறத்திடுவியா?"

"அரைக்க ஆள் வேண்டாமா?"

"அதான பாத்தேன்" என்றாள் கன்னியம்மா. அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் தாமோதரன் வீட்டிலிருந்து கைவண்டி வந்தது. இசக்கியம்மாள் தாம்பாளங்களில் நூல் பிடித்து அல்வாவைத் துண்டு போட்டு, வாழையிலையில் மூடிக் கொடுத்தாள். வண்டியோடு கன்னியம்மாவும் போனாள், தன் அண்ணன் வீட்டு விசேஷம் என்பதால் பட்டுப்புடவையில். நானும் இசக்கியம்மாளும் ராசையாவும் எழும்பூருக்குப் பஸ் ஏறினோம்.

வெளி நோயாளிகள் வரிசை நீளமாக இருந்தது. டாக்டர் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைத்துப் பார்த்தார். வலது பழுத்துவிட்டது, முதலில் அதை எடுக்கலாம் என்றார். என்ன வேலை என்று கேட்டார். அல்வா கிண்டுவது என்றதும் சிரிக்காமல் சிறுநீரைச் சோதிக்க அனுப்பினார். சர்க்கரை இல்லை என்று வந்தது. அதற்கு ராசையா விட்ட மூச்சு வராந்தாவில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை வந்து படுக்கச் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்தால் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அடுப்புப் பக்கம் குனியக்கூடாது என்றார் டாக்டர். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "அடுப்புப் பக்கம் முக்காலி போட்டு உக்காந்துகிடலாம்லா?" என்று என்னைக் கேட்டாள். ஒரு முழத்துக்குக் கிட்டே வரக்கூடாது என்றேன்.

மருந்து விட்ட கண்ணில் வெயில் தாங்காமல் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ராசையாவின் தோளைப் பிடித்தபடி பஸ்ஸுக்கு நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் கட்டை மாற்றினேன். அவள் ராசையாவிடம் கோதுமை மூட்டையை அவிழ்க்கச் சொன்னாள். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தடவிப் பார்த்து, கல் இல்லை என்று ஊறப் போட்டாள். அவள் கை நனையாமல் அண்டாவில் தண்ணீர் ஊற்றியது ராசையா.